தற்கொலைப் பதிவேட்டின் முன் இரண்டு சமூகவியல்கள்

புராட்டஸ்டண்டு நாடுகளில் பத்து லட்சம் பேருக்கு 190. இரு சபையினரும் கலந்து வாழும் நாடுகளில் 96. கத்தோலிக்க நாடுகளில் 58. இத்தாலிய மருத்துவர் மோர்செல்லி தொகுத்திருந்த இந்தத் தற்கொலை வீதங்களை எமில் துர்க்கெய்ம் 1897-இல் வெளியிட்ட ‘தற்கொலை’ என்ற நூலில் எடுத்தாண்டார். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இன்றுவரை அந்த நூலைத் தாண்டாமல் பட்டம் வாங்குவதில்லை. அந்த மூன்று எண்களின் முன் நின்று இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். இவை ஏன் இப்படி வேறுபடுகின்றன என்பது ஒன்று. இவற்றை யார், எதை வைத்து எழுதினார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நேர்க்காட்சிவாதம் எனப்படும் பாசிட்டிவிசத்தில் போய்ச் சேருவோம். இரண்டாவதைப் பிடித்தால் பொருள்கோள்வாதத்துக்கு வந்துவிடுவோம். ஆய்வு முறையைத் தேர்ந்தெடுப்பது பற்றிய சண்டையில் பெரும்பகுதி, பதிவேட்டில் உள்ள எண்ணை ஆய்வின் தொடக்கமாக வைப்பதா, அல்லது ஆய்ந்து விளக்கவேண்டிய முடிவாக வைப்பதா என்பதில்தான் இருக்கிறது. தத்துவச் சொற்களில் மூழ்கிவிட்டால் இது கண்ணில் படாது. ஆகவே தற்கொலை ஆய்வு என்ற ஒரே வழக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்ப்போம்.

துர்க்கெய்ம் எடுத்த பொருளே ஒரு சவால். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வதைவிடத் தனிமனிதச் செயலாகத் தோன்றுவது எது? அதற்கும் சமூகக் காரணம் உண்டு என்று காட்டிவிட்டால் சமூகவியல் தனி அறிவியலாக நிற்கும் என்று அவர் கணக்குப்போட்டார். சமூகவியல் என்ற பெயரைக் கொடுத்த ஒகுஸ்த் கோம்த், இயற்கையைப் போலவே சமூகத்துக்கும் விதிகள் உண்டு, அவற்றைக் கவனிப்பாலும் ஒப்பீட்டாலும் கண்டறியலாம் என்று சொல்லிப் போயிருந்தார். சொன்னாரே தவிர, செய்து காட்டவில்லை. துர்க்கெய்ம் 1895-இல் எழுதிய முறையியல் நூலில் ஒரு விதியை வைத்தார்: சமூக உண்மைகளைப் பொருள்களைப் போல நடத்தவேண்டும். நம் மனத்துக்குள் உள்ள கருத்தாக அல்ல, வெளியே நின்று நம்மை நெருக்கும் ஒன்றாக அவற்றை அளக்கவேண்டும். ‘தற்கொலை’ நூல் அந்த விதிக்கான செயல்முறை விளக்கம்.

அவர் வேலை செய்த விதத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்பது நல்லது. பிரெஞ்சு நீதி அமைச்சகத்தின் புள்ளிவிவரப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் கப்ரியேல் தார்த். துர்க்கெய்மின் கோட்பாட்டு எதிரி அவர். நூலின் ஒரு முழு அத்தியாயம் அவருடைய கருத்தை மறுப்பதற்கே செலவாகியிருக்கிறது. இருந்தும் அமைச்சகத்தின் கோப்புகளைத் திறந்துவிட்டார். அங்கிருந்த சுமார் 26,000 தற்கொலைப் பதிவுகளை வயது, பால், மணநிலை, குழந்தை உண்டா இல்லையா என்று கையாலேயே பிரித்து அடுக்கியவர் துர்க்கெய்மின் சகோதரி மகன் மார்செல் மோஸ். கணினிக்கு முந்தைய காலத்தில் அது எத்தனை நாள் வேலையாக இருந்திருக்கும்!

அடுத்தது கழித்தல். சமூகத்துக்கு வெளியே உள்ள காரணங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, அது எண்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒத்துப்போகாததைத் தள்ளினார். வெயில்தான் காரணம் என்று ஒரு வாதம் அன்று இருந்தது. கோடையில் தற்கொலை கூடுகிறது என்பது உண்மை. ஆனால் மாதவாரியாகப் பார்த்தால் ஏறி இறங்குவது வெப்பத்தோடு அல்ல, பகலின் நீளத்தோடு. பகல் நீள நீள மனிதரின் கூட்டு வாழ்வும் பரபரப்பாகிறது. வெயில் தள்ளுபடி ஆகிறது, சமூகம் உள்ளே வருகிறது.

மதத்திலும் அதே வழிதான். இரண்டு சபைகளுமே தற்கொலையைப் பாவம் என்றே சொல்கின்றன. ஆகவே போதனை காரணமல்ல. நாட்டுக்கு நாடு பண்பாடு வேறு என்பீர்களா? சரி, பவேரியா என்ற ஒரே நாட்டுக்குள் பாருங்கள். கத்தோலிக்கர் குறையக் குறைய மாகாணத்தின் தற்கொலை வீதம் ஏறுகிறது. படிப்பு அதிகம் என்பதாலா? யூதர்கள் புராட்டஸ்டண்டுகளைவிடவும் படித்தவர்கள். அவர்களிடம் தற்கொலை குறைவு. எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவது ஒன்றுதான்: ஒரு சமயக் குழு தன் உறுப்பினர்களை எவ்வளவு இறுக்கமாகப் பிணைத்து வைத்திருக்கிறது என்பது. மணமானவர், குழந்தை உள்ளவர் ஆகியோரின் எண்களும் அதே திசையைத்தான் காட்டின. பிணைப்பு தளர்ந்தால் வீதம் ஏறும் என்பது அவர் எட்டிய விதி.

நேர்க்காட்சிவாதம் எந்த ஆய்வு முறைகளைத் தேர்ந்தெடுக்கும் என்பது இதிலேயே அடங்கியிருக்கிறது. பெரிய எண்ணிக்கை வேண்டும், ஏனென்றால் விதி தனி ஆளிடம் தெரியாது, கூட்டத்தில்தான் தெரியும். முன்கூட்டியே வகுத்த வரையறை வேண்டும். அரசுப் புள்ளிவிவரம், மக்கள்தொகைக் கணக்கு, எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே வரிசையில் கேட்கும் வினாப்பட்டியல் ஆகியவை உகந்த கருவிகள். ஆய்வகத்தில் ஒன்றை மாற்றி மற்றொன்றைப் பார்ப்பதுபோல் சமூகத்தில் செய்ய முடியாது என்பதால், ஒப்பீடும் ஒட்டுறவுக் கணக்கும் சோதனையின் இடத்தைப் பிடிக்கின்றன. வேறொருவர் அதே வேலையைச் செய்தால் அதே விடை வரவேண்டும் என்பது இதன் கண்ணியம்.

இதன் பிழைகளை முதலில் பிடித்தவர்களும் எண்ணைக் கையாள்பவர்களே என்பதைச் சொல்லியாக வேண்டும். புராட்டஸ்டண்டுகள் நிறைந்த மாகாணத்தில் தற்கொலை அதிகம் என்றால், செய்துகொண்டவர்கள் புராட்டஸ்டண்டுகள் என்று ஆகிவிடாது; அங்கே சிறுபான்மையாய்த் தனித்துவிடப்பட்ட கத்தோலிக்கர்களாகவும் இருக்கலாம். இந்த வழுக்கலை 1950-இல் வில்லியம் ராபின்சன் அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு காட்டினார். மாநிலவாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள இடத்தில் எழுத்தறிவின்மை குறைவு. ஒட்டுறவு சுமார் -0.53. தனி ஆட்களாகப் பார்த்தால் குறியே மாறிவிடுகிறது, சுமார் +0.12. குடியேறிகளிடம் எழுத்தறிவின்மை சற்று அதிகம்தான், ஆனால் அவர்கள் போய்க் குடியேறியது எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில். துர்க்கெய்மின் மாகாண ஒப்பீடுகளில் பல இந்தத் தேர்வில் தேறுவதில்லை.

இதெல்லாம் வீட்டுக்குள்ளேயே தீர்க்கக்கூடிய தகராறு. இன்னும் ஆழமான ஓட்டை துர்க்கெய்மின் கண்ணில் பட்டும் அவர் பாதியில் நின்றுவிட்ட இடத்தில் இருக்கிறது. பிரெஞ்சுப் பதிவேடுகளில் ஒவ்வொரு தற்கொலைக்கும் எதிரே காரணம் எழுதப்பட்டிருக்கும்: வறுமை, குடும்பத் துயரம், காதல், குடி என்று. துர்க்கெய்ம் அதைத் தொட மறுத்தார். சம்பவ இடத்துக்குப் போன கீழ்நிலை அதிகாரி அவசரத்தில் ஊகித்து எழுதியதுதான் அது என்றார். காரணப் புள்ளிவிவரம் என்று நாம் அழைப்பது, காரணங்களைப் பற்றி அதிகாரிகள் கொண்டிருந்த அபிப்பிராயத்தின் புள்ளிவிவரமே என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்குச் சான்றும் வைத்தார். உழவர்களின் வாழ்வும் படித்த தொழில் செய்வோரின் வாழ்வும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் பதிவேட்டில் இருவருக்கும் காரணங்கள் ஏறத்தாழ ஒரே பங்கில் பிரிந்திருந்தன. எழுதுபவர் ஒரே அச்சில் எழுதியிருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அற்புதமான வாதம். ஆனால், காரணத்தை ஊகித்த அதே அதிகாரிதானே இது தற்கொலை என்பதையும் முடிவு செய்தார்? அந்தப் பத்தியை நம்பாதவர் பக்கத்துப் பத்தியை மட்டும் எப்படி நம்பினார்? மேலும் தற்கொலைக்குத் துர்க்கெய்ம் கொடுத்த வரையறை, இறந்தவர் தன் செயலின் விளைவை அறிந்தே செய்திருக்கவேண்டும் என்று கேட்கிறது. அறிந்தாரா என்பதைக் கோப்பிலிருந்து எண்ணிவிட முடியாது. எழுபது ஆண்டு கழித்துப் பொருள்கோள்வாதிகள் நுழைந்த வாசல் இதுதான்.

அவர்களின் மூதாதை மாக்ஸ் வெபர். மனிதச் செயலை வெளியிலிருந்து அளந்தால் போதாது, செய்பவர் அதற்குக் கொடுக்கும் பொருளை உணர்ந்து விளக்கவேண்டும் என்றவர். வேடிக்கை என்னவென்றால் அவரும் அதே புராட்டஸ்டண்டு–கத்தோலிக்க வேறுபாட்டிலிருந்துதான் புறப்பட்டார். 1904–05-இல் வந்த புகழ்பெற்ற கட்டுரைகளின் தொடக்கத்தில் இருப்பது, தொழில் நடத்துவோரிலும் தேர்ச்சிபெற்ற தொழிலாளரிலும் புராட்டஸ்டண்டுகளின் பங்கு கூடுதலாக இருப்பதைக் காட்டும் ஜெர்மானியப் புள்ளிவிவரம். ஆனால் துர்க்கெய்மைப்போல் அடுத்தடுத்த அட்டவணைக்கு அவர் போகவில்லை. போதகர்களின் அறவுரைகளுக்குப் போனார். தான் மீட்கப்பட்டவனா இல்லையா என்று தெரியாத கால்வினிய விசுவாசி ஒருவன் தன் அன்றாட உழைப்பை எப்படிப் புரிந்துகொண்டிருப்பான் என்று தேடினார். வெபரைப் புள்ளிவிவர எதிரியாகக் காட்டும் பாடக் குறிப்புகளை நான் ஏற்கமாட்டேன். பொருள் நிலையில் பொருந்தி வரும் விளக்கம், நடப்பிலும் அப்படியே நிகழ்கிறது என்று சரிபார்க்கப்பட்டால்தான் முழுமை பெறும் என்று அவரே நிபந்தனை போட்டிருக்கிறார். அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் இந்த நிபந்தனையை வசதியாக மறந்தார்கள்.

ஜாக் டக்ளஸ் 1967-இல் எழுதிய நூல் நேராகத் துர்க்கெய்மின் அடித்தளத்தில் கைவைத்தது. பிணைப்பு இறுக்கமான சமூகத்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், அதை மறைக்க ஆளும் இருக்கும், அவசியமும் இருக்கும். கத்தோலிக்கக் குடும்பத்தில் தற்கொலை என்றால் சபை அடக்கம் மறுக்கப்படலாம், பழி வரும். குடும்பம் மருத்துவரிடம் பேசும், மருத்துவர் அதிகாரியிடம் பேசுவார். தனியறையில் வாழ்ந்து இறந்தவருக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? ஆகவே பிணைப்பு தற்கொலையைக் குறைக்கிறதா, தற்கொலை என்று எழுதப்படுவதைக் குறைக்கிறதா என்பதை அந்த எண்களால் பிரித்துச் சொல்ல முடியாது. துர்க்கெய்மின் விதிக்கு இதைவிட மோசமான அடி வேறு இருக்க முடியாது. விதி பொய் என்றுகூட அது சொல்லவில்லை, அதே எண்கள் இரண்டு கதைக்கும் சமமாகப் பொருந்தும் என்றது.

மாக்ஸ்வெல் அட்கின்சன் இன்னும் ஒரு படி போனார். இங்கிலாந்தில் சந்தேகத்துக்குரிய மரணங்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர் கொரோனர். அட்கின்சன் அந்த விசாரணைகளில் போய் உட்கார்ந்தார், கொரோனர்களிடம் பேசினார், அவர்களின் ஆவணங்களைப் படித்தார். அவர்கள் நான்கு வகைக் குறிப்புகளைத் தேடுகிறார்கள் என்று 1978-இல் வந்த நூலில் காட்டினார்: கடிதம் இருக்கிறதா, மரணம் எந்த விதமானது, எந்த இடத்தில், என்ன சூழலில் நேர்ந்தது, இறந்தவரின் வாழ்க்கையும் மனநிலையும் எப்படி இருந்தன.

நான்காவது குறிப்பில்தான் சூட்சுமம். ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கடலோரத்தில் முதியவர் ஒருவரின் உடல் கிடைக்கிறது. கடிதம் இல்லை, பார்த்தவர் இல்லை. மனைவி இறந்து ஆறு மாதம் ஆகிறது, பிள்ளைகள் வருவதில்லை, தனியாக இருந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். கொரோனரின் மனம் ஒரு பக்கம் சாய்கிறது. அதே உடல், அதே கடற்கரை; ஆனால் அடுத்த வாரம் பேத்தியின் திருமணம், முதல்நாள்தான் புதுச் சட்டை எடுத்து வந்தார் என்று சாட்சி வருகிறது. இப்போது அது விபத்தாகத் தோன்றுகிறது. தனிமை தற்கொலைக்குக் காரணம் என்ற பொது நம்பிக்கையைக் கொண்டு கொரோனர் தீர்ப்பெழுதுகிறார். அந்தத் தீர்ப்புகளைக் கூட்டி அரசு எண்ணை வெளியிடுகிறது. அந்த எண்ணை வாங்கிய சமூகவியலாளர், தனிமைக்கும் தற்கொலைக்கும் வலுவான ஒட்டுறவு இருப்பதாகக் கண்டுபிடிக்கிறார். வட்டம் முழுமையாகிவிட்டது.

ஆய்வுக் கேள்வி மாறியதும் முறையும் மாறியதைக் கவனிக்கவேண்டும். முடிவெடுக்கும் மனிதர் எப்படி முடிவெடுக்கிறார் என்று கேட்பவருக்கு வினாப்பட்டியல் உதவாது. கொரோனரிடம் ‘எதை வைத்துத் தீர்மானிக்கிறீர்கள்’ என்று கட்டம் போட்டுக் கேட்டால் சட்டப் புத்தகத்தில் உள்ளதைத்தான் டிக் செய்வார். உடனிருந்து கவனிப்பது, நீண்ட திறந்த உரையாடல், கோப்பைத் தகவலாக அல்லாமல் ஒருவர் ஒரு நோக்கத்தோடு எழுதிய எழுத்தாகப் படிப்பது ஆகியவைதான் வழி. இதற்கும் அதற்கே உரிய கேடுகள் உண்டு. நான்கு கொரோனர்களிடம் கண்டது நாடு முழுவதற்கும் பொருந்துமா என்று சொல்ல முடியாது. ஆய்வாளர் ஏற்கெனவே நம்பியதையே ஒவ்வொரு நேர்காணலும் உறுதிசெய்துகொண்டே போனால், அவர் கேட்கவில்லை, கேட்க விரும்பியதைப் பொறுக்கினார் என்று பொருள். தன் விளக்கத்துக்கு அடங்காத ஒரு வழக்கையாவது எடுத்துக் காட்டி அதனோடு மல்லுக்கட்டியிருக்கிறாரா என்று பார்ப்பது நல்ல சோதனை.

அட்கின்சனிடம் எனக்குள்ள குறை வேறு. உண்மையான தற்கொலை வீதம் என்ற ஒன்றைத் தேடுவதே வீண், தீர்ப்புகள் எப்படி உருவாகின்றன என்பதை மட்டுமே ஆராயலாம் என்ற இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தார். நுட்பமான நிலைப்பாடுதான். ஆனால் பதிவேடு தவறு என்று சொல்வதே, பதிவேட்டுக்கு வெளியே சரியான ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதுதானே? எவ்வளவு தவறு, எந்தப் பக்கம் தவறு என்பதை அளக்க வழியிருந்தால் அளக்கவேண்டாமா?

வழி இருந்தது. ஃபிரான்ஸ் வான் போப்பெல், லிங்கன் டே என்ற இருவர் 1996-இல் நெதர்லாந்தின் 1905–1910 காலத்து மரணப் பதிவுகளை எடுத்தார்கள். அங்கே இறந்தவரின் மதமும் மரணக் காரணமும் சேர்த்தே வகைப்படுத்தப்பட்டிருந்தன. ஆகவே மாகாணச் சராசரியை வைத்து ஊகிக்கவேண்டிய தேவையில்லை. தற்கொலை என்று எழுதப்பட்டவற்றை மட்டும் எண்ணினால், துர்க்கெய்ம் சொன்னபடியே கத்தோலிக்கரிடம் குறைவு. பிறகு ‘திடீர் மரணம்’, ‘காரணம் தெளிவில்லை’ என்ற இரண்டு கட்டங்களையும் பார்த்தார்கள். அவற்றில் கத்தோலிக்கர் அதிகமாக இருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் இரு சபையினருக்கும் இடையிலான இடைவெளி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. டக்ளஸ் வாதமாக வைத்ததை இந்த இருவரும் எண்ணிக் காட்டினார்கள். கேள்வியைக் கொடுத்தது பொருள்கோள்வாதம். அதற்கு விடை கிடைத்தது நேர்க்காட்சிவாதியின் கருவியால். அவரவர் முகாமில் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

இந்த விவாதம் நம் ஊருக்குப் புதிதல்ல, பெயர்தான் புதிது. ‘தீராத வயிற்றுவலியால்’ தற்கொலை என்ற வரியைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள் படித்தவர்கள் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்! இயற்கைக்கு மாறான மரணம் என்றால் காவல்துறை குற்ற நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் வழக்குப் பதிவு செய்து, பஞ்சாயத்தார் முன்னிலையில் விசாரித்து அறிக்கை எழுதும் (புதிய சட்டத்தில் அது 194). மணமாகி ஏழு ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணை வரும். தற்கொலை முயற்சி குற்றம் என்று தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும், தூண்டியவருக்குத் தண்டனை என்று 306-உம் இருந்த நாட்டில், இறந்தவரின் அண்ணனோ மாமனாரோ காவலரிடம் என்ன சொல்வார்? யார்மீதும் பழி விழாத ஒன்றைத்தான் சொல்வார். வயிற்றுவலி எவரையும் சிறைக்கு அனுப்பாது. இப்படி எழுதப்பட்டவையெல்லாம் மேலே போய், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் கட்டங்களாக நிற்கின்றன. 2022 அறிக்கையில் ‘குடும்பப் பிரச்சினைகள்’ 31.7 விழுக்காடு, ‘நோய்’ 18.4 விழுக்காடு. பாதித் தற்கொலைகளை இந்த இரண்டு கட்டங்களே விழுங்கிவிடுகின்றன. துர்க்கெய்ம் பிரெஞ்சு அதிகாரிகளைப் பற்றிச் சொன்னது அப்படியே இங்கேயும் பொருந்தும்.

இனி வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, கணியம்பாடி ஒன்றியத்தில் நெடுங்காலமாகச் சமூக நலப் பணி செய்துவருகிறது. ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். ஊரிலேயே வாழும் நலப் பணியாளர் பிறப்பு இறப்புகளைச் சொல்வார். அவருக்கு மேலே உதவியாளர், செவிலியர், மருத்துவர் என்று படிப்படியாகச் சரிபார்ப்பார்கள். ஒருவர் எப்படி இறந்தார் என்பதை வீட்டாரிடமும் அக்கம்பக்கத்திலும் பேசி முடிவு செய்வார்கள். வாய்மொழி மரண ஆய்வு என்று இதற்குப் பெயர். இந்த முறையில் 1994 முதல் 1999 வரை எண்ணியபோது தற்கொலை வீதம் லட்சத்துக்கு 95.2 என்று வந்தது. அன்று காவல்துறைக் கணக்குப்படி தேசிய வீதம் லட்சத்துக்கு 10-ஐ ஒட்டியே இருந்தது. ஓர் ஒன்றியத்தை நாட்டோடு ஒப்பிடக் கூடாது, வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு நிஜமாகவே உண்டு என்பதெல்லாம் சரி. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியை அதைக்கொண்டு மட்டும் நிரப்பிவிட முடியாது.

கணியம்பாடியில் என்ன மாறியது? தற்கொலையின் வரையறை அல்ல, கேட்பவர்தான். காக்கிச் சட்டையிடம் வயிற்றுவலி என்ற குடும்பம், பத்து வருடமாக வீட்டுக்கு வந்துபோகும் நலப் பணியாளர் அக்காவிடம் அழுதுகொண்டே வேறொன்றைச் சொல்கிறது. அவரும் அந்த ஊர்க்காரர். யார் வீட்டில் என்ன நடந்தது என்று ஏற்கெனவே அரைகுறையாகத் தெரிந்தவர். மௌனத்தையும் தயக்கத்தையும் படிக்கத் தெரிந்தவர். வெளியில் பார்த்தால் அது மருத்துவக் கணக்கெடுப்பு, லட்சத்துக்கு இத்தனை என்று தசமப் புள்ளியோடு முடிகிறது. உள்ளே ஒவ்வொரு எண்ணும் ஒரு பொருள்கோள் வேலை. அங்கே நேர்காணல் எண்ணுக்கு மாற்றாக வரவில்லை. எண்ணை உருவாக்கியதே நேர்காணல்தான்.

விவசாயிகள் தற்கொலை பற்றிய சர்ச்சையிலும் இதே கதைதான், இடம் மட்டும் வேறு. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கே. நாகராஜ், குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களையே வைத்து மாநிலவாரியான போக்கைக் கணித்தார். குறைகளை அறிந்தேதான் செய்தார். பட்டா பெயரில் இல்லாத பெண்ணும் குத்தகைக்காரரும் காவல் நிலையத்தில் விவசாயியாக எழுதப்பட மாட்டார்கள் என்பதும் அந்த விவாதத்தில் தொடர்ந்து பேசப்பட்டது. 2013-இல் 11,772 என்றிருந்த விவசாயிகள் தற்கொலை 2014-இல் 5,650 என்று பாதிக்குமேல் குறைந்தது. கிராமங்களில் ஓராண்டில் பாலும் தேனும் ஓடிவிடவில்லை. அந்த ஆண்டு வகைப்பாடு மாறியது. விவசாயத் தொழிலாளர் என்று தனிக் கட்டம் வந்து, அதில் 6,710 பேர் சேர்ந்தார்கள். வரைபடத்தை மட்டும் பார்த்தவர் காரணத்தை மழையிலும் கடன் தள்ளுபடியிலும் தேடியிருப்பார். படிவத்தை நிரப்பிய எழுத்தரிடம் ஒரு மணி நேரம் பேசியவருக்குத் தேடவேண்டியிருக்காது.

நம் பல்கலைக்கழகங்களில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் நேர்க்காட்சிவாதம், பொருள்கோள்வாதம் இரண்டையும் நான்கு நான்கு பக்கம் எழுதி, ‘இவ்வாய்வு கலப்பு முறையைப் பின்பற்றுகிறது’ என்று முடிப்பது சடங்காகிவிட்டது. பிறகு முந்நூறு பேரிடம் வினாப்பட்டியல். அதில் காரணம் என்ற கேள்விக்கு ‘குடும்பப் பிரச்சினை’ என்று ஒரு கட்டம். கூடவே இருபது பேரிடம் ஆழ்ந்த நேர்காணல். அதையும் 35 விழுக்காட்டினர் என்று சதவீதமாக்கி அட்டவணை போடுவது. இருபதில் ஏழு பேரைச் சதவீதமாக்கினால் எண்ணிக்கையின் வலிமையும் கிடைக்காது, பேச்சின் ஆழமும் போய்விடும். கணியம்பாடியும் நெதர்லாந்தும் காட்டுவது கலப்பை அல்ல, வரிசையை. இந்த எண் எப்படிப் பிறந்தது என்று முதலில் விசாரித்து, எங்கே கசிகிறது என்று தெரிந்துகொண்டு, கசிவையும் சேர்த்து எண்ணுவது. எந்த முறை என்பது அடுத்து எதை அறியவேண்டும் என்பதிலிருந்து வரும். ஆய்வாளர் எந்தக் கட்சி என்பதிலிருந்து அல்ல.

இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில் சங்கடப்படுத்தும் நிகழ்வு ஒன்று நம் அருகில், இலங்கையில் நடந்திருக்கிறது. 1995-இல் அங்கே தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47-ஐ எட்டியது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அந்த ஆண்டு மிகக் கொடிய பூச்சிமருந்து வகைகளுக்கும், 1998-இல் எண்டோசல்ஃபானுக்கும் தடை வந்தது. 2005-க்குள் வீதம் பாதியாகிவிட்டது. டேவிட் கன்னல் முதலானோர் 2007-இல் இதை ஆராய்ந்தபோது வேலையின்மை, மணமுறிவு, குடி, போர் என்று துர்க்கெய்ம் பார்த்திருக்கக்கூடிய எதுவும் இந்த வீழ்ச்சியோடு ஒத்துப்போகவில்லை. சமூகப் பிணைப்பு மாறாமலே வீதம் சரிந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்கள் குறையவில்லை, பிழைத்தவர்கள் கூடினார்கள்.

அங்கே தங்கிக் களப்பணி செய்த மானுடவியலாளர் டாம் விட்ஜர், அந்தச் செயல்களில் பல ஒருவர்மீதான கோபத்தையும் மனக்காயத்தையும் வெளிப்படுத்தும் எதிர்ப்பாகவே ஊரில் புரிந்துகொள்ளப்படுவதை எழுதியிருக்கிறார். அப்படியானால் இறந்தவர்களில் எத்தனை பேர் சாவைத் தேடிப் போனார்கள், எத்தனை பேருக்குக் கையில் கிடைத்த மருந்தின் வீரியம் அந்த முடிவை எழுதிவிட்டது? பதிவேட்டில் இருவரும் ஒரே கட்டத்தில்தான் இருக்கிறார்கள். துர்க்கெய்மின் வரையறைப்படி பின்னவர்களை எண்ணவே கூடாது. தடை கொண்டுவந்தவர்களோ அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்காமலே ஆயிரக்கணக்கானோரைப் பிழைக்க வைத்தார்கள்.